தோம்பில் காற்று எவ்வளவு நேரம்?

கிள்ளானில் ஒரு கடைவீடு எரிந்தபோது வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். முதுகில் தோம்போடு உள்ளே நுழைந்த இரு தீயணைப்பு வீரர்கள் அரை மணி நேரம்கூட ஆகாமல் வெளியே வந்தனர். "அதற்குள் ஆக்சிஜன் முடிந்துவிட்டதா?" என்று பக்கத்தில் நின்ற மாமா சலித்துக்கொண்டார். எனக்கும் அதே கேள்விதான். பிறகு தேடித் தெரிந்துகொண்டதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், அது ஆக்சிஜன் அன்று. நாம் சுவாசிக்கும் காற்றையே தூய்மைப்படுத்தி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் தோம்பு ஒன்றின் கொள்ளளவு 6.8 லிட்டர், நிரப்பும் அழுத்தம் 300 பார். மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். இரண்டையும் பெருக்கினால் சுமார் 2,000 லிட்டர் காற்று. நிமிடத்திற்கு 40 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 50 நிமிடம் வர வேண்டுமே?

வராது. இருவர் உள்ளே போவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் 290 பார், மற்றவரிடம் 270. குறைந்ததையே கணக்கில் எடுக்க வேண்டும், ஏனெனில் இருவரும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஏறக்குறைய 50 பாரில் எச்சரிக்கை விசில் ஒலிக்கும். பலர் நினைப்பதுபோல் அது கிளம்பச் சொல்லும் ஒலி அன்று. அதற்குமுன்பே வெளியே வந்திருக்க வேண்டும். அந்த 50 பார், வழி தவறினால் உயிர்காக்கும் இருப்பு.

இருட்டில் சுவரைத் தடவி, நீர்க்குழாயை இழுத்துப் போகிறவருக்கு நிமிடத்திற்கு 60 லிட்டர்கூடச் செலவாகும். தீ இருக்கும் இடத்தை அடைய 70 பார் தீர்ந்தால், மீதி 200. திரும்பவும் அதே 70 வேண்டும், இருப்பு 50. ஆக, 120 பார் காட்டும்போதே திரும்ப வேண்டும். உண்மையில் வேலைக்குக் கிடைப்பது 80 பார், அதாவது 544 லிட்டர். ஒன்பதே நிமிடம்!

பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களின் உயர்ந்த அடுக்குமாடிகளில், புகையில்லாத கீழ்த்தளம் வரை சாதனத்தைச் சுமந்துபோய் அங்கேதான் முகமூடியில் காற்றைத் திறப்பார்கள். தெருவிலேயே திறந்தால் படிக்கட்டே பாதிக் காற்றைத் தின்றுவிடும்.

இந்தக் கணக்கை வீரரே நினைவில் வைத்திருக்க முடியாது. 1958 ஜனவரி 23 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்ட் சந்தையில் தீப்பிடித்தது. புகை சூழ்ந்த, வழிகள் பின்னிக் கிடந்த அதன் நிலவறையில் இரு வீரர்கள் இறந்தனர். அவர்கள் அணிந்திருந்தவை ஆக்சிஜன் சாதனங்கள். யார் எப்போது உள்ளே போனார், எவ்வளவு மிச்சம் என்பதை வெளியில் கண்காணிக்கும் முறை அதன்பின் பிரிட்டனில் கட்டாயமாக வலுப்பெற்றது. நுழையும்முன் வீரர் தம் பெயர்த்தகட்டை வாசலில் இருப்பவரிடம் கொடுப்பார். அவர் அழுத்தத்தையும் நேரத்தையும் பலகையில் எழுதி, விசில் ஒலிக்கக்கூடிய நேரத்தைக் கணித்துக் குறிப்பார். அந்த நேரத்திற்குள் வராவிட்டால் மீட்புக் குழுவை அனுப்ப வேண்டும்.

அன்று கிள்ளானில் வாசலருகே பலகையோடு ஒருவர் நின்றிருந்தார். நானும் மாமாவும் அவரைப் பார்க்கவே இல்லை.