தொட்டி மோட்டாருக்கு எந்தப் போர்டு?



வீட்டுத் தானியங்கி வேலைக்கு முதல் போர்டு வாங்கப் போகிறவர் முன் இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. ஆர்டுயினோ ஊனோ, இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பீக்கோ ஆகியவை இந்த வகை. மற்றது சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர். ராஸ்பெர்ரி பை 4, பை 5, பை ஜீரோ 2 டபிள்யூ ஆகியவை அந்த வகை. பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர் பீக்கோவில் குழம்பிப் போகலாம். 2021இல் வந்த பீக்கோ ராஸ்பெர்ரி பை என்ற பெயரைத் தாங்கினாலும் அது கம்ப்யூட்டர் அல்ல, மைக்ரோகண்ட்ரோலர்தான்.

மைக்ரோகண்ட்ரோலரில் எழுதி ஏற்றிய நிரல் ஒன்றுதான் ஓடும். மின்சாரம் வந்த ஓரிரு நொடியில் அது வேலையைத் தொடங்கிவிடும். எந்த நொடியில் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் நிரலுக்குச் சேதம் வராது. சிங்கிள் போர்டு கம்ப்யூட்டரில் மெமரி கார்டிலிருந்து லினக்ஸ் ஏறி, அதன் மேல் பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அது எழுந்து உட்காரவே அரை நிமிடம் வரை ஆகும். அணைப்பதற்கும் முறை உண்டு: `sudo shutdown -h now` என்று கட்டளை கொடுத்து, அது முழுவதும் நின்ற பிறகே மின்சாரத்தை எடுக்க வேண்டும்.

திறனை ஒப்பிட்டால் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோவின் ராம் 2 கிலோபைட். இஎஸ்பி32இல் 520 கிலோபைட். பை ஜீரோ 2 டபிள்யூவில் 512 மெகாபைட். இந்த எண்களைப் பார்த்து அதிகத் திறனுள்ளதை வாங்குவதுதான் முதல் முறை செய்பவரை வழிதவற வைக்கிறது. வீட்டு வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மின்சாரம் போய் வந்தாலோ, நிரல் பாதியில் உறைந்தாலோ, யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் போர்டின் கையில் இருக்கும் பொருள் என்ன ஆகும்?

மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். கீழே சம்ப், மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி, நடுவே 1 குதிரைத்திறன் மோட்டார். தொட்டி குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் ஓடவே கூடாது. வெறுமனே ஓடும் மோட்டாரின் சீல் சூடேறிக் கெட்டுவிடும்.

இதை ராஸ்பெர்ரி பையில் செய்தாலும் மேசையில் அருமையாக ஓடும். சிக்கல் மாடிப்படிக்குக் கீழே பெட்டியில் பொருத்திய பிறகு தொடங்கும். மின்தடை வரும்போது லினக்ஸ் கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கக்கூடும். கோப்பு முறைமை ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்றாலும், எழுதும் நடுவில் மின்சாரம் அறுந்தால் மெமரி கார்டு உள்ளுக்குள்ளேயே பழுதாகலாம். சிவப்பு விளக்கு எரிந்தும் பச்சை விளக்கு சிமிட்டவில்லை என்றால் பெரும்பாலும் கார்டுதான் காரணம். கொஞ்சம் முன்னதாகவே `Read-only file system` என்ற செய்தி வந்து எச்சரிப்பதும் உண்டு. சார்ஜர் தரமில்லாததாக இருந்தால் `Under-voltage detected!` என்பது பதிவில் தென்படும்.

அதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. மோட்டாரை ஓடச் சொல்லிவிட்டு நிரல் நின்றுபோனாலும் பையின் பின் கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். நிரல் செத்துவிட்டது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மாற்று வழிகள் உண்டு. `raspi-config`இல் கார்டில் எழுதாமல் இயங்கும் ஏற்பாடு இருக்கிறது, பையிலேயே வாட்ச்டாக் இருக்கிறது, யுபிஎஸ் வைக்கலாம். ஆனால் முதல் முறை செய்பவர் இரண்டு மிதவை சுவிட்சுக்காக இத்தனையையும் கற்க வேண்டியதில்லை.

இஎஸ்பி32இல் அதே வேலை எப்படி அமைகிறது என்று பார்க்கலாம். தொட்டியின் அடியில் ஒரு மிதவை சுவிட்ச், மேலே ஒன்று. இரண்டும் தண்ணீர் தங்களுக்குக் கீழே இருக்கும்போது மூடியிருந்து, தண்ணீர் தொட்டதும் திறக்கும்படி மாட்டப்பட வேண்டும். சுவிட்சின் ஒரு முனை போர்டின் கிரவுண்டுக்கும் மறுமுனை 32, 33 ஆகிய பின்களுக்கும் போகின்றன. பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். போர்டுக்குள்ளேயே இழுப்பு ரெசிஸ்டர் உண்டு. ஆனால் மொட்டை மாடியிலிருந்து மோட்டார் ஒயரோடு ஒட்டி வரும் நீளமான ஒயருக்கு அது பலவீனமானது. 34 முதல் 39 வரையிலான பின்களில் அதுவும் கிடையாது.

மிதவையை இப்படி மாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வெயிலில் காய்ந்தோ அணில் கடித்தோ ஒயர் அறுந்தால் பின் மேல்நிலைக்குப் போகும். நிரலுக்கு அது ‘தண்ணீர் இருக்கிறது’ என்று பொருள்படும், மோட்டார் கிளம்பாது. தண்ணீர் வரவில்லையே என்று வீட்டில் யாராவது பார்ப்பார்கள். மாறாக மாட்டியிருந்தால் அறுந்த ஒயர் ‘தொட்டி காலி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மாடியெல்லாம் வழிந்த பிறகுதான் தெரியவரும். போர்டு எதுவாக இருந்தாலும் பழுது வந்தால் மோட்டார் நிற்கும் பக்கமே சாய வேண்டும்.

நிரலின் மையம் சில வரிகள்தான்:

```
bool low  = digitalRead(32) == LOW;
bool full = digitalRead(33) == HIGH;

if (!on && !locked && low && !full) startMotor();
if (on && full) stopMotor();
if (on && millis() - startedAt > MAX_RUN) {
  stopMotor();
  locked = true;
}
```

மூன்றாவது நிபந்தனைதான் இதில் உயிர்நாடி. தொட்டி வழக்கமாக 20 நிமிடத்தில் நிரம்பும் என்றால் `MAX_RUN` 30 நிமிடம் இருக்கட்டும். அதற்குள் நிரம்பவில்லை என்றால் சம்ப் வறண்டிருக்கலாம், மிதவை சிக்கியிருக்கலாம், குழாய் உடைந்திருக்கலாம். எதுவானாலும் மோட்டார் நின்று, ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும் வரை பூட்டியே இருக்க வேண்டும். அந்தப் பூட்டு ராமில் மட்டும் இருந்தால் மின்தடையில் மறந்துபோகும்; மின்சாரம் வந்ததும் மோட்டார் மீண்டும் வெறுமனே ஓடத் தொடங்கும். ஆகவே அதை `Preferences` நூலகத்தின் வழியாக ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும். இருந்தாலும் சம்ப்பிலும் ஒரு மிதவை வைப்பதே முழுப் பாதுகாப்பு, ஏனெனில் அரை மணி நேரம் வெறுமனே ஓடுவதே மோட்டாருக்கு அதிகம்.

உறைந்துபோகும் பிரச்சினைக்கு இஎஸ்பி32இல் வாட்ச்டாக் இருக்கிறது. ஆனால் ஆர்டுயினோ முறையில் எழுதும்போது `loop` பகுதியை அது தானாகக் கவனிப்பதில்லை. `setup` பகுதியில் `enableLoopWDT();` என்று எழுத வேண்டும். பிறகு நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் சில நொடியில் போர்டு தன்னைத்தானே மறுபடி தொடங்கும். அந்தக் கணத்தில் பின்கள் விடுபட்டுப்போகும். அப்போது ரிலே அணைந்திருக்க வேண்டும் என்றால், மேல்நிலை வந்தால் மட்டும் இயங்கும் ரிலே மாட்யூலை 3.3 வோல்ட்டுக்கு ஏற்றதாக வாங்கி, அதன் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். ரிலேக்கு 25, 26, 27 ஆகிய பின்கள் ஏற்றவை. 0, 2, 5, 12, 15 ஆகியவை போர்டு எழும்போது வேறு பணி செய்பவை. அவற்றில் ரிலேயை மாட்டினால் மின்சாரம் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு துள்ளு துள்ளலாம், அல்லது போர்டே எழாமல் போகலாம்.

இரண்டு வகைப் போர்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று இங்கே சொல்லியாக வேண்டும். நீல நிறச் சிறு ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது அதைவிடக் குறைவாகவே எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அந்தத் தீப்பொறியில் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ரிலே விளக்கு அணைந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. எனவே சிறு ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்க வேண்டும். மோட்டாரைக் கான்டாக்டர் இயக்க வேண்டும். இந்த 230 வோல்ட் பக்கம் முழுவதும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை.

இஎஸ்பி32க்கும் வரம்பு உண்டு. வைஃபை பேசும் கணத்தில் மின்னோட்டம் திடீரென ஏறுவதால் பலவீனமான சார்ஜரில் அது மீண்டும் மீண்டும் தொடங்கும். சீரியல் மானிட்டரில் `Brownout detector was triggered` என்று வந்தால் நிரலில் தவறு தேடாமல் சார்ஜரையும் யுஎஸ்பி கேபிளையும் மாற்ற வேண்டும். வைஃபையை வைத்து மோட்டாரை முடிவுசெய்வதும் கூடாது. ரௌட்டர் அணைந்தாலும் தொட்டி நிரம்ப வேண்டும். வைஃபை செல்பேசிக்கு நிலையைச் சொல்வதற்கு மட்டும்.

சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் உண்மையில் தேவைப்படும் வேலைகள் வேறு. வாசலில் கேமரா வைத்து வந்தவரின் படத்தைப் பதிவுசெய்வது மைக்ரோகண்ட்ரோலருக்குப் பெரும் சுமை. பல மாதத் தண்ணீர்ச் செலவைச் சேர்த்துவைத்து வரைபடமாகப் பார்ப்பதும், பத்துப் பன்னிரண்டு கருவிகளை ஒரே திரையில் கொண்டுவருவதும் கம்ப்யூட்டரின் பணி. இதற்கு ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் பலரால் பயன்படுத்தப்படுகிறது. அதை ஓட்ட 2 ஜிபி ராமாவது உள்ள பை வேண்டும். அப்போதும் தொட்டியின் இஎஸ்பி32 தன் இடத்திலேயே இருக்கும். நிலையை எம்க்யூடிடி வழியாகப் பைக்கு அனுப்பும். மோட்டார் முடிவைத் தானே எடுக்கும். பையின் கார்டு கெட்டால் வரைபடம்தான் போகும், தண்ணீர் போகாது. முதலில் வாங்கிய சிறு போர்டு வீணாவதே இல்லை என்பது இந்த வரிசையில் செல்வதன் பெரிய நன்மை.

செலவிலும் இதே வரிசை சரியாக வருகிறது. இஎஸ்பி32 சில நூறு ரூபாய். பை சில ஆயிரம்; அதற்குரிய சார்ஜரும் நல்ல மெமரி கார்டும் தனி. பை 4 சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 3 வாட் எடுக்கும். மாதம் முழுக்க ஓடினால் சுமார் 2 யூனிட். இஎஸ்பி32க்கு வைஃபையோடும் அதில் ஆறில் ஒரு பங்கு போதும். மின்கட்டணத்தில் இது பெரிய தொகை அல்ல. போர்டைத் தேர்ந்தெடுக்க இதை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

மோட்டாரில் இணைப்பதற்கு முன், ரிலேயில் ஒரு சிறு எல்இடி பல்பை மட்டும் மாட்டிச் சோதிக்க வேண்டும். மிதவையைக் கையால் தூக்கி இறக்குவது முதல் சோதனை. ‘மோட்டார்’ ஓடும்போது மேல் மிதவையின் ஒயரைப் பிடுங்குவது இரண்டாவது. பல்பு அணைய வேண்டும். `MAX_RUN` அளவை ஒரு நிமிடமாகக் குறைத்து, பூட்டு விழுகிறதா, சார்ஜரைப் பிடுங்கிச் செருகிய பிறகும் பூட்டு நிற்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. நிரலில் வேண்டுமென்றே `while(true);` என்று ஒரு வரி போட்டு உறையவைத்து, போர்டு தானாக மீள்கிறதா என்று பார்ப்பது நான்காவது. நான்கிலும் தேறிய பிறகே எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

ஆகவே முதல் திட்டம் தண்ணீர் மோட்டார், விளக்கு, மின்விசிறி போன்ற ஒன்றை இயக்கவோ நிறுத்தவோ செய்வதாக இருந்தால் இஎஸ்பி32 போதும். படமோ, நீண்ட காலப் பதிவோ, பல கருவிகளின் ஒருங்கிணைப்போ தேவைப்படும் நாளில் ராஸ்பெர்ரி பையை வாங்கிக்கொள்ளலாம்.