முதல் ஆளை எப்போது வேலைக்கு எடுப்பது?

கேள்வி: பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். வெளியே பீஸ் ரேட்டுக்குத் தைக்கக் கொடுக்கிறேன். மாதச் சம்பளத்துக்கு ஒரு தையல்காரரை வைக்கலாமா?

பதில்: கல்யாண சீசனில் குவியும் ஆர்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பன்னிரண்டு மாதக் கணக்கையும் பாருங்கள். ஒரு பிளவுஸுக்குக் கூலி 250 ரூபாய், சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 பிளவுஸ் இருந்தால் இரண்டும் சமம். எட்டு மாதம் 75, ஆடி போன்ற நான்கு மந்தமான மாதங்களில் 40 என்றால் வருடத்துக்கு 760 பிளவுஸ். கூலி 1,90,000 ரூபாய். சம்பளமும் தீபாவளி போனஸாக ஒரு மாதச் சம்பளமும் சேர்ந்தால் 1,95,000. வித்தியாசம் 5,000 மட்டுமே.

ஆகவே முடிவைத் தீர்மானிப்பது கூலியல்ல, பிசகுதான். அக்குள் பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று திரும்பி வருபவற்றையும், சொன்ன தேதி தவறியவற்றையும் மூன்று மாதம் நோட்டில் எழுதுங்கள். அவற்றால் ஆகும் நஷ்டத்தை வருடத்துக்குக் கணக்கிட்டு, அது அந்த வித்தியாசத்தைத் தாண்டினால் ஆள் எடுங்கள்.

மந்த மாதங்களில் சம்பளம் சுமையாகாதா? ஆகும். அதனால் மூன்று மாதச் சம்பளத்தைத் தனியே ஒதுக்கிய பிறகே எடுக்க வேண்டும். தொழில் பழகியதும் போய்விட்டால்? வாடிக்கையாளர் அளவுகளும் பேட்டர்ன்களும் உங்களிடமே இருக்கட்டும். ஆரி வேலை சீசனுக்குத்தான் வரும். அதை வெளியிலேயே கொடுங்கள்.