கணக்கு மீட்பு: ஆண்டுக்கு ஒரு சோதனை

சென்ற ஆண்டு பேருந்து நெரிசலில் என் கைப்பேசி தொலைந்து போயிற்று. புதிய கருவியில் கூகுள் கணக்கைத் திறக்க முயன்றபோது கடவுச்சொல் நினைவில் இல்லை. கல்வி உதவித்தொகைக் கடிதமோ அக்கணக்கில் இருந்தது. மீட்பு எண்ணாகத் திரையில் தோன்றியது தந்தையாரின் பழைய எண். ரீசார்ஜ் செய்யாததால் அது துண்டிக்கப்பட்டு நாளாகிவிட்டது. மீட்பு மின்னஞ்சலோ, பள்ளிக் காலத்தில் எனக்குக் கணக்குத் தொடங்கித் தந்த பிரவுசிங் சென்டர்க்காரருடையது! நான் முன்பு வழக்கமாகப் பயன்படுத்திய அண்ணனின் கணினியிலிருந்து பலமுறை முயன்று, நான்காம் நாளில்தான் உள்ளே நுழைந்தேன்.

இதிலிருந்து நான் கற்றவற்றை நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் என்றும் நமக்கே உரியதன்று. 90 நாட்கள் கழிந்தபின் அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அப்போது நம் கணக்குக்கான குறியீடு முன்பின் அறியாத ஒருவருக்குச் செல்லும். மீட்பு மின்னஞ்சலும் அத்தகையதே. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது.

ஆகவே, ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் வாரத்தில் நான் ஒரு சோதனை செய்கிறேன். myaccount.google.com தளத்தின் Security & sign-in பகுதியில் Recovery phone, Recovery email ஆகியவற்றைப் பார்க்கிறேன். அந்த எண்ணுக்கு வேறொரு கைப்பேசியிலிருந்து அழைத்து, மணி ஒலிக்கிறதா என அறிகிறேன். மீட்பு மின்னஞ்சலிலும் ஒருமுறை நுழைந்து பார்க்கிறேன். மாற்ற வேண்டியிருந்தால், பழையது கைவசம் இருக்கும்போதே புதியதைச் சேர்த்துவிட வேண்டும். மாற்றியபின்பும் ஏழு நாட்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு செல்லக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது காவல், 2025 அக்டோபரில் கூகுள் அறிமுகப்படுத்திய Recovery contacts என்னும் வசதி. கூகுள் கணக்குள்ள பத்துப் பேர் வரை நாம் அழைக்கலாம். அவர்கள் அதனை ஏற்க வேண்டும். நான் அண்ணனையும் விடுதி அறைத்தோழரையும் சேர்த்துள்ளேன். கணக்குப் பூட்டிக்கொண்டால் என் திரையில் ஓர் எண் தோன்றும். அதனை அண்ணனிடம் நான் கூற, அவர் தமக்கு வந்த எண்களில் அதையே 15 நிமிடங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனால் என் கடிதங்களை அவர் படிக்க இயலாது. கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியாது.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. என் பெயரைச் சொல்லி வேறொருவர் குறுஞ்செய்தியில் எண்ணை அனுப்பினால்? ஆதலால், "குரலைக் கேட்காமல் எண்ணைத் தொடாதீர்கள், அண்ணா" என்று முன்னரே கூறிவைத்துள்ளேன். மேலும், இவ்வழி சில வேளைகளில் மட்டுமே திரையில் காட்டப்படலாம். ஆகவே எண்ணும் மின்னஞ்சலும் சரியாயிருத்தல் இன்றியமையாதது.

இதனைப் படித்து முடித்ததும், உங்கள் மீட்பு எண் இன்று யாருடைய கையில் ஒலிக்கிறது என்று ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.