கடைசி நாளிலிருந்து பின்னோக்கி: செயல்திட்டத்திற்கு நாள் குறிக்கும் முறை

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். பல பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி அன்றைக்குத்தான் நடக்கிறது. இந்த நாளை நாம் தள்ளிவைக்க முடியாது. வேலை தாமதமானால் அதற்குள் ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது மாணவர்கள் விடுவது பெரும்பாலும் அளவீட்டைத்தான். வண்ண அட்டை தயாராகிவிடும், செடி எடை போடப்பட்டிருக்காது. அட்டவணையில் இருக்கும் காலிக் கட்டங்களை ஊகித்த எண்களால் நிரப்பிவிடுவார்கள். அறிவியல் கற்பிக்க எடுத்த செயல்திட்டம் பொய்க் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிடும். இதைத் தவிர்க்க என் எட்டாம் வகுப்பில் நான் பின்பற்றும் முறையை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குகிறேன்.

எடுத்துக்கொண்ட கேள்வி

மண்புழு உரம் கலந்த மண்ணில் வெந்தயக் கீரை கூடுதலாக விளைகிறதா என்பதே கேள்வி. மொத்தம் 10 தொட்டிகள். ஐந்தில் வெறும் மண், ஐந்தில் உரம் கலந்த மண். ஒவ்வொன்றிலும் 20 விதைகள். 28-ஆம் நாள் கீரையைப் பறித்துத் தொட்டிவாரியாக எடை போட வேண்டும். வெந்தயம் சமையலறையிலேயே கிடைக்கும். விதையை எண்ணிப் போடலாம். முதல் நாள் இரவு ஊறவைத்தால் சில நாள்களில் முளைத்துவிடும்.

பின்னோக்கி எண்ணுதல்

கரும்பலகையின் வலது ஓரத்தில் பிப்ரவரி 28 என்று எழுதி, "இதற்கு முந்தைய நாள் எது முடிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டபடி இடப்பக்கம் நகர்கிறோம்.

- பிப்ரவரி 26, 27: காட்சிக்கு வைத்தல், பேசிப் பழகுதல்.
- பிப்ரவரி 19 முதல் 25 வரை: கையிருப்பு நாள்கள் 7. இதில் எந்த வேலையும் எழுதுவதில்லை.
- பிப்ரவரி 12 முதல் 18 வரை: வரைபடம், அறிக்கை, அட்டை எழுதுதல்.
- பிப்ரவரி 11: கீரை பறித்து எடை போடுதல்.
- அதற்கு 28 நாள் முன்னால், ஜனவரி 14: விதைப்பு.

விதைப்பு நாள் பொங்கல் விடுமுறையில் வந்து விழுகிறது. முன்னோக்கித் திட்டமிட்டிருந்தால் இந்தச் சிக்கல் ஜனவரியில்தான் தெரிந்திருக்கும். பின்னோக்கி எண்ணியதால் நவம்பரிலேயே தெரிந்துவிடுகிறது. விடுமுறை முடிந்து 19-ஆம் தேதி விதைத்தால் அறுவடை பிப்ரவரி 16-க்குப் போய், கையிருப்பில் ஐந்து நாள்கள் போய்விடும். ஆகவே விதைப்பை முன்னுக்குக் கொண்டுவந்து ஜனவரி 6 என்று வைத்துக்கொள்கிறோம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த உடனேயே விதைக்க வேண்டியிருப்பதால் தொட்டி, மண், உரம் எல்லாம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். பிப்ரவரி வேலை டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

விரைவுபடுத்த முடியாத வேலை எது?

அட்டை எழுதும் வேலை தாமதமானால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து முடித்துவிடலாம். செடியை அப்படி அவசரப்படுத்த முடியாது. அதற்கு ஞாயிறும் விடுமுறையும் கிடையாது, 28 நாள் என்றால் 28 நாள்தான். ஆகவே வேலைகளை எழுதியதும், ஆள் சேர்த்தால் குறையும் வேலைகளையும் குறையாத வேலைகளையும் தனித்தனியே அடையாளமிடச் சொல்கிறேன். குறையாத வேலைக்கு முன்னால் நிற்கும் ஆபத்துதான் நம் முதல் கவலை. இங்கே அந்த ஆபத்து முளைக்காமல் போவது. பழைய விதை, மட்காத உரம், அதிகத் தண்ணீர், அணில் என்று காரணங்கள் பல.

ஜனவரி 6-இல் விதைத்தால் 12-ஆம் தேதி காலை முளைகளை எண்ணலாம். ஒன்றிரண்டு தொட்டிகளில் மட்டும் முளைப்பு குறைவு என்றால் அவற்றை விலக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு தொடரலாம். பல தொட்டிகளில் தவறியிருந்தால் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு பத்திலும் அன்றே மறுபடி விதைக்க வேண்டும். சிலவற்றில் மட்டும் மறுவிதைப்பு செய்தால் வயது வேறுபட்ட செடிகளை ஒப்பிட நேரும். இதற்காக 11-ஆம் தேதி இரவே கொஞ்சம் விதையை ஊறவைத்துவிடுவோம். மறுவிதைப்பின் அறுவடை பிப்ரவரி 9. நமக்குத் தேவையான 11-ஆம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, கடைசியில் உள்ள ஏழு நாள் கையிருப்பைத் தொடவே இல்லை.

பொங்கல் விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் இப்போதே எழுதிவிட வேண்டும். தொட்டிகளை ஒரு மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதானால் பத்தும் ஒன்றாகவே போக வேண்டும். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

கையிருப்பு ஏன் ஒரே இடத்தில்?

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கூட்டிக் கொடுத்த நாள்கள் அந்தந்த வேலைக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. ஐந்து நாள் வேலைக்கு ஏழு நாள் என்றால் மாணவர்கள் மூன்றாம் நாள்தான் தொடங்குவார்கள். சீக்கிரம் முடித்தவர்களும் அதைச் சொல்வதில்லை. எலியாகு கோல்ட்ராட் 1997-இல் வெளிவந்த தம் நூலில் இதைத்தான் வலியுறுத்தினார்: தனித்தனி வேலைகளில் ஒளிந்திருக்கும் உபரி நாள்களை எடுத்து, மொத்தத் திட்டத்தின் முடிவில் ஒன்றாக வைக்க வேண்டும், முக்கிய வேலையோடு வந்து சேரும் கிளை வேலைகளுக்குத் தனியாகச் சிறு கையிருப்பு வைக்க வேண்டும்.

வகுப்புச் சுவரில் ஏழு கட்டங்கள் வரைந்து ஒட்டுகிறோம். கையிருப்பிலிருந்து ஒரு நாள் எடுத்தால் ஒரு கட்டத்தை அடித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். எதிர்பாராத விடுமுறை, தராசு கிடைக்காதது போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள். "நாளை செய்யலாம் என்றிருந்தோம்" என்பதற்குக் கட்டம் அடிப்பதில்லை, மதிய இடைவேளையில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். அறிக்கை எழுதத் தொடங்கும் முன்பே நான்கு கட்டங்கள் போய்விட்டால் அது எச்சரிக்கை. அப்போது மூன்று அட்டைகளை ஒன்றாக்குகிறோம். எடை அட்டவணையைத் தொடுவதில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே மாணவர்களோடு பேசி எழுதிவைப்பது நல்லது.

மைல்கல் எப்படி இருக்க வேண்டும்?

"செடி வளர்ப்பு நடக்கிறது" என்பது மைல்கல் அல்ல, அதை எந்த நாளிலும் சொல்லலாம். "ஜனவரி 12: பத்துத் தொட்டிகளின் முளை எண்ணிக்கையும் குறிப்பேட்டில் உள்ளது" என்பது மைல்கல். ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே அதற்குப் பதில் வரும். இந்தத் திட்டத்திற்கு ஐந்து போதும்: பொருள்கள் சேர்ந்தன, விதைத்தோம், முளை எண்ணினோம், எடை போட்டோம், அறிக்கை முடிந்தது.

தொடக்க நாள் கடந்துவிட்டிருந்தால்?

சில நேரம் பின்னோக்கி எண்ணும்போது தொடக்க நாள் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அப்போது கையிருப்பைச் சுரண்டி நாள்களைப் பொருத்தப் பார்க்கக்கூடாது. கேள்வியைச் சிறிதாக்க வேண்டும். அதே பத்துத் தொட்டிகளில், "எந்த மண்ணில் அதிக விதைகள் முளைக்கின்றன?" என்று மட்டும் கேட்டால் 28 நாள் ஆறு நாளாகிவிடும். தொடக்கநிலை வகுப்புகளுக்கு இந்த அளவே ஏற்றது. கேள்வி சிறியதாக இருந்தாலும் அட்டவணையில் இருப்பது குழந்தைகள் தாங்களே எண்ணிய எண்ணாக இருக்கும்.