உடைய வேண்டிய போல்ட், வழுக்க வேண்டிய கிளட்ச்

மன்னார்குடிப் பக்கம் என் மச்சானிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றும் அதற்கேற்ற ரோட்டவேட்டரும் உண்டு. கோடை உழவு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் பேசினார். "ஒரே நாள்ல நாலு தடவை ஷியர் போல்ட் உடைஞ்சுது மாப்ள. கடைக்காரர் மட்டச் சரக்கைத் தள்ளிவிட்டுட்டார். ஆலன் போல்ட் ஒண்ணு போட்டேன் பாரு, அப்புறம் தொந்தரவே இல்ல."

தொந்தரவு மூன்று வாரம் கழித்து வந்தது. வரப்போரத்தில் மண்ணுக்குள் கிடந்த கருங்கல் ஒன்று பிளேடில் சிக்கியது. போல்ட் அசையவில்லை. கியர்பாக்ஸுக்குள் பினியனில் மூன்று பற்கள் போயிருந்தன, ஷாஃப்டின் கிராஸும் நொறுங்கியிருந்தது. ஊரில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். அவற்றில் பாதி தப்பு, மீதி அரைகுறை.

நம்பிக்கை: போல்ட் அடிக்கடி உடைந்தால் கெட்டியான போல்ட் போட வேண்டும்

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புரியும். 45 குதிரைத்திறன் டிராக்டரில் பி.டி.ஓ. முனைக்கு வந்து சேருவது ஏறத்தாழ 38 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 540 சுற்றில் அது சுமார் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் படுக்கையாகப் பிடித்து, அதன் நுனியில் 50 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் பிடித்த கைக்கு வரும் முறுக்கு அது.

மச்சானின் ஷாஃப்டில் போல்ட் இருப்பது மையத்திலிருந்து 30 மில்லிமீட்டர் தள்ளி. கையேடு கேட்பது 8 மில்லிமீட்டர், 8.8 கிரேடு போல்ட். தலையில் 8.8 என்று பொறித்திருப்பார்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த எஃகு இழுவையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் தாங்கும் என்பது கிடைக்கும். இங்கே 800. குறுக்காக வெட்டுப்படும்போது தாங்குவது அதில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு. அதைப் போல்ட்டின் குறுக்குவெட்டுப் பரப்பாலும், அந்த 30 மில்லிமீட்டர் தூரத்தாலும் பெருக்கினால் 720 நியூட்டன் மீட்டர் வருகிறது. அதாவது சாதாரண ஓட்டத்துக்கு 500, உடையும் இடம் 720. நடுவில் உள்ள இடைவெளிதான் உழவின் குலுக்கல்களுக்கு விட்ட இடம்.

ஆலன் போல்ட் பெரும்பாலும் 12.9 கிரேடு. அதே கணக்கில் அது 1,090 வரை உடையாது. அந்த அளவு முறுக்கு வருவதற்கு முன்பே பினியன் பல்லோ கிராஸோ போய்விடும். வரிசையில் எது முதலில் உடைய வேண்டும் என்று வடிவமைத்தவர் முடிவுசெய்து வைத்திருந்தார். மச்சான் அந்த முடிவை முப்பது ரூபாய்ச் சாமானால் மாற்றி எழுதிவிட்டார்.

அப்படியானால் முதலில் நான்கு முறை உடைந்தது ஏன்? கடைக்காரர் மேல் பழியில்லை. உடைந்த துண்டுகளை டிராக்டர் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தலையில் 8.8 என்றே இருந்தது. ஆனால் தலைக்குக் கீழிருந்தே மரை ஓடியது. முழு மரை போல்ட். இரண்டு இரும்பும் உரசும் அந்த ஒரே இடத்தில்தான் போல்ட் வெட்டுப்படுகிறது. அங்கே மரை வந்தால், தாங்கும் பரப்பு 50 சதுர மில்லிமீட்டரிலிருந்து சுமார் 36 ஆகக் குறைந்துவிடும். 720 என்பது 530க்கு இறங்கிவிடும். ரோட்டவேட்டரின் முறுக்கு ஒரே சீராக வருவதில்லை. பிளேடுகள் ஒவ்வொன்றாக மண்ணை வெட்டுகின்றன, கிராஸ் சாய்ந்து நிற்கும்போது அதுவும் தன் பங்குக்குத் துள்ளல் சேர்க்கிறது. 500 என்ற சராசரி அடிக்கடி 530ஐத் தாண்டும். கல்லும் வேண்டாம், வேரும் வேண்டாம், வெறும் உழவிலேயே உடையும்.

அரை மரை போல்ட் வாங்கியிருந்தால் போதும். மரையில்லாத தண்டுப் பகுதி அந்த உரசும் தளத்தைத் தாண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். போல்ட் சரியாக இருந்தும் உடைகிறது என்றால் ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் போல்ட் ஒவ்வொரு துள்ளலிலும் ஆடி, வளைந்து, களைத்து உடையும். அப்போது மாற்ற வேண்டியது ஓட்டை உள்ள பாகம். ஓட்டையைப் பெரிதாக்கி 10 மில்லிமீட்டர் போல்ட் போடுவதும் ஆலன் போல்ட் போடுவதும் ஒன்றுதான். பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

நம்பிக்கை: ஸ்லிப் கிளட்ச் போட்டுவிட்டால் கவலை விட்டது

கியர்பாக்ஸ் செலவு முடிந்ததும் மச்சான் ஸ்லிப் கிளட்ச் வைத்த ஷாஃப்டுக்கு மாறினார். லைனிங் ஒட்டிய தட்டுகளை இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் ஸ்பிரிங்குகளால் அழுத்திப் பிடித்திருக்கும் அமைப்பு. ஸ்பிரிங்கின் அழுத்தமும் லைனிங்கின் உராய்வும் சேர்ந்து எந்த முறுக்கில் வழுக்குவது என்பதை முடிவுசெய்கின்றன. கல் சிக்கினால் ஒரு நொடி வழுக்கும், கல் விலகினால் மறுபடி பிடிக்கும். இறங்கிப் போல்ட் மாற்றும் வேலை மிச்சம். கல்லும் வேரும் நிறைந்த நிலத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆனால் போல்ட்டுக்கு இல்லாத ஒரு நோய் இதற்கு உண்டு. சம்பா உழவு முடிந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ரோட்டவேட்டர் கொட்டகை ஓரம் நனைந்து கிடக்கும். அடுத்த கோடையில் எடுக்கும்போது லைனிங் இரும்புத் தட்டோடு துருவில் ஒட்டிப்போயிருக்கும். வெளியே பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. ஷாஃப்ட் சுற்றும், உழவு நடக்கும். கிளட்ச் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓட்டுநர் கல்லுக்குள் இறக்குவார். அந்த நேரத்தில் அது கிளட்ச் இல்லை, வெறும் இரும்புக் கட்டை.

பருவம் தொடங்குமுன் பத்து நிமிட வேலை இது. முதலில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தட்டுகளின் விளிம்பில் குறுக்காகச் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். எல்லா நட்டையும் சமமாக, இரண்டிரண்டு சுற்று தளர்த்துங்கள். பிளேடுகள் இறுகிய மண்ணில் பதிந்திருக்க, அருகில் ஆள் இல்லாமல், பி.டி.ஓ.வை இரண்டு மூன்று நொடி மட்டும் போட்டு எடுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் பாருங்கள். கோடு முறிந்து தட்டுக்குத் தட்டு விலகியிருந்தால் கிளட்ச் விட்டுவிட்டது. நட்டுகளை அதே இரண்டு சுற்று இறுக்கி, எழுதிவைத்த நீளம் வந்துவிட்டதா என்று சரிபாருங்கள். கோடு அப்படியே இருந்தால் பிரித்து, துருவைத் தேய்த்து எடுக்காமல் வழியில்லை.

துருவை இளக்க எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் குடித்த லைனிங்கின் உராய்வு பல மடங்கு குறைந்துவிடும். உழவில் இறக்கியதும் வழுக்கும். அடுத்த தப்பு அங்கே தொடங்குகிறது.

நம்பிக்கை: வழுக்கினால் ஸ்பிரிங்கை இறுக்கினால் போதும்

எண்ணெயால் வழுக்கும் கிளட்சை இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிடிக்கும். நாலு நாளில் சூட்டில் எண்ணெய் எரிந்துபோகும். உராய்வு பழைய நிலைக்குத் திரும்பும், ஆனால் ஸ்பிரிங் இறுக்கியபடியே இருக்கும். இப்போது அது தேவைக்கு மிக மேலே பிடிக்கும் கிளட்ச். இன்னும் இறுக்கி ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் கதை முடிந்தது, ஆலன் போல்ட்டும் அதுவும் ஒரே ஜாதி. நட்டை எத்தனை சுற்று திருகினோம் என்பது அளவில்லை. கையேட்டில் உள்ள ஸ்பிரிங் நீளம்தான் அளவு. லைனிங் தேய்ந்து மெலியும்போது ஸ்பிரிங் தானாகத் தளரும். அப்போது மட்டும் அந்த நீளத்துக்கு மறுபடி கொண்டுவர வேண்டும்.

வழுக்கல் தொடர்ந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிளட்ச் வழுக்கும்போது முறுக்கை விட்டுவிடுவதில்லை, தாங்கிக்கொண்டே வழுக்குகிறது. 600 நியூட்டன் மீட்டரில் வழுக்கும் கிளட்ச், 540 சுற்றில், 34 கிலோவாட்டைச் சூடாக மாற்றுகிறது. வீட்டில் வெந்நீர் போடும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் பதினேழு. அதை ஆறு கிலோ இரும்புக்குள் அடைத்தால் சராசரிச் சூடே நொடிக்குப் பன்னிரண்டு டிகிரி வீதம் ஏறும். லைனிங் முகத்தில் அதைவிட வேகமாக ஏறும். ஒரு கல்லைத் தாண்டும் நொடிக்கு இது ஒன்றுமில்லை. நைலான் கயிறோ பழைய குழாய்த் துண்டோ ரோட்டரில் சுற்றி இறுகிவிட்டால், ஓட்டுநர் கவனிக்காமல் அரை நிமிடம் விட்டால் போதும். கருகிய வாடை வரும்போது லைனிங் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். பிறகு அது நிலையாகப் பிடிப்பதில்லை. போல்ட் இந்த இடத்தில் பெருந்தன்மையானது. உடைந்தால் மொத்தமாக விடுதலை. நடுவழி ஒன்றும் உண்டு. அடைப்பில் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும் ராட்செட் வகை டார்க் லிமிட்டர்கள், சுமை மீறினால் விலகி நின்று, பி.டி.ஓ. வேகத்தைக் குறைத்ததும் தானே மறுபடி மாட்டிக்கொள்ளும் வகைகள் எல்லாம் வந்துவிட்டன. விலைதான் தடை.

நம்பிக்கை: டிராக்டர் கொடுக்கும் சக்திக்கு மேல் ஷாஃப்டுக்குச் சுமை வராது

இது படித்தவர்களும் சொல்வது. இன்ஜின் கொடுப்பது 500 என்றால் அடைப்பில் மட்டும் 1,000 எங்கிருந்து வரும் என்கிறார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் கனத்திலிருந்து வருகிறது. வைக்கோலைச் சதுரக் கட்டாகக் கட்டும் பேலரைப் பாருங்கள். அதன் முன்னால் கனமான ஃபிளைவீல் ஒன்று இருக்கும். 100 கிலோ எடை, எடை முழுவதும் மையத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 540 சுற்றில் அதற்குள் இருக்கும் ஆற்றல், அதே 100 கிலோவைச் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையில் மோதும் ஆற்றலுக்குச் சமம். வைக்கோலை அடிக்கும் பிளஞ்சர் சட்டென்று தடுக்கப்பட்டால் இந்த ஆற்றல் முழுவதும் ஒரு நொடிக்குள் எங்காவது போயாக வேண்டும். இன்ஜினுக்கு இதில் பங்கே வேண்டியதில்லை.

அதனால்தான் பேலரில் இரண்டு காவலும் ஒன்றாக இருக்கும். டிராக்டருக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவில் ஸ்லிப் கிளட்ச். கனத்த சக்கரத்தை நின்ற நிலையிலிருந்து கிளப்பும்போது அது கொஞ்சம் வழுக்கி ஷாஃப்டைக் காக்கும். ஃபிளைவீலுக்கும் உள்ளே இருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஷியர் போல்ட். கட்டுக் கயிறைக் கொண்டுவரும் ஊசிகள் அறைக்குள் மாட்டி நின்றுவிட்டால், பிளஞ்சர் வந்து ஊசியை நொறுக்காதபடி ஒரு தடுப்புத் தாழ் பிளஞ்சரை நிறுத்தும். அந்தக் கணத்தில் போல்ட் உடைந்து, ஃபிளைவீல் தனியே சுற்றிக்கொண்டு ஓய வேண்டும். அந்த இடத்தில் கிளட்ச் இருந்தால் வழுக்கும் நேரமெல்லாம் தாழின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். அங்கே தேவை அறுபடுவது.

போல்ட் உடைந்ததும் அது இணைத்திருந்த இரண்டு பாகங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டுமே, அந்தச் சுற்றும் இடத்துக்குக் கிரீஸ் வைக்கும் பழக்கம் பலருக்கு இல்லை. அங்கே துருப்பிடித்து ஒட்டியிருந்தால் போல்ட் உடைந்தும் பயனில்லை, பினியன் அப்போதும் போகும். மச்சானின் பழைய ஷாஃப்டில் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பிப் பார்த்தேன். திரும்பவில்லை.