கடன் விற்பனையில் லாபம் நிற்குமா?

கேள்வி: விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். விற்பனை பெருகியும் கையில் பணம் நிற்பதில்லை. சில்லறைக் கடைக்காரர்கள் 30 நாள் தவணை கேட்டு, 90 நாளில் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ரூபாய் 97,000-க்குக் கொள்முதல் செய்த சரக்கைத் தாங்கள் ஒரு லட்சத்துக்கு விற்பதாகவும், முதலுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றும் வைத்துக்கொண்டால், 30 நாளில் பணம் வரும்போது வட்டி 970 போக 2,030 ரூபாய் மிஞ்சும், அதுவே 90 நாளாகிவிட்டால் வட்டி 2,910 ஆகி, தங்கள் லாபம் வெறும் 90 ரூபாயாகச் சுருங்கிவிடும். வண்டிக்கூலியும் கடைவாடகையும் கொடுத்தபின் அது நஷ்டமே.

ஆகையால், பேரேட்டில் மொத்தப் பாக்கியை மட்டும் பாராமல், 30 நாளுக்குட்பட்டது, 60 நாளுக்குட்பட்டது, அதற்கும் மேற்பட்டது என்று வாரந்தோறும் நிலுவையைப் பிரித்தெழுதிவாருங்கள். வாடிக்கைக்காரர் அவ்வப்போது சிறு தொகை கொடுத்துப் புதுச்சரக்கு எடுத்துச் செல்வதால் கணக்கு நடப்பதுபோல் தோன்றினும், பழைய பில் அடியிலேயே தங்கிவிடுவதுதான் அபாயத்தின் முதல் லக்ஷணம். பழைய பில் தீர்ந்தாலன்றி அடுத்த மூட்டை ரொக்கத்துக்கே என்பதை நியமமாக்குங்கள்.

7 நாளில் செலுத்துவோருக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி அளித்தாலும், அவ்வார வட்டியும் கழிந்து ஏறக்குறைய 1,770 ரூபாய் நிற்கும். இதற்கும் இணங்காதவரை மரியாதையுடன் விட்டுவிடுவதே உசிதம்.