சுண்டுவிரல் மரத்துப்போனால்: முழங்கையில் அழுந்தும் அல்னார் நரம்பு

முழங்கையின் உட்புறத்தைச் சுவரிலோ கதவிலோ இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓர் உணர்வு ஏற்படுவதை அனைவரும் அறிவோம். அங்கே அடிபடுவது எலும்பன்று; அல்னார் நரம்பு. கழுத்திலிருந்து புறப்பட்டுக் கைக்குச் செல்லும் இந்நரம்பு, முழங்கையின் உட்புறத்தில் துருத்தி நிற்கும் எலும்புப் புடைப்புக்குப் பின்னால் ஒரு குறுகிய பள்ளத்தில் செல்கிறது. அதன்மேல் ஒரு மெல்லிய நார்ப்பட்டை கூரைபோல் அமைந்துள்ளது. உடலின் பெரிய நரம்புகளுள் இவ்வளவு மேலோட்டமாகத் தோலுக்கு அடியில் கிடப்பது அரிது.

முழங்கையை மடக்கும்போது இந்தக் கூரைப் பட்டை இறுகுகிறது, பள்ளம் குறுகுகிறது, நரம்பும் இழுபடுகிறது. சில நிமிடங்கள் இப்படி இருந்தால் தீங்கில்லை. கையை மடித்துத் தலைக்கு அடியில் வைத்து இரவு முழுதும் உறங்குவோர், கைப்பேசியை நெடுநேரம் காதோடு பிடித்திருப்போர், திருப்பதி நெடுஞ்சாலையில் வண்டியோட்டும்போது சன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றியிருப்போர் ஆகியோருக்கு அந்த அழுத்தம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்துவதற்கு அடுத்தபடியாக, கையில் அதிகம் காணப்படும் நரம்பு அழுத்தம் இதுவே.

அறிகுறிகள் எங்கே தோன்றுகின்றன?

சுண்டுவிரல் முழுவதும், மோதிரவிரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதியும் மரத்துப்போவது இந்நோயின் அடையாளம். மோதிரவிரலின் மறுபாதியில் உணர்வு இயல்பாக இருக்கும். ஒரே விரல் இரண்டாகப் பிரிந்ததுபோல் நோயாளிகள் வியந்து கூறுவதுண்டு. அந்த விரலின் இரு பாதிகளுக்கும் இரு வேறு நரம்புகள் செல்வதே காரணம்.

நரம்பு எந்த இடத்தில் அழுந்துகிறது என்பதைத் தோலே காட்டிக்கொடுக்கும். புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்திற்கு உணர்வளிக்கும் கிளை, மணிக்கட்டை அடையும் முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்துப் புறங்கை நன்றாக இருந்தால் மணிக்கட்டை ஐயுறுகிறோம். புறங்கையும் மரத்திருந்தால் முழங்கையை ஐயுறுகிறோம். மரப்பு மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உட்பக்கம் வரை ஏறினால், குறை பெரும்பாலும் கழுத்து எலும்புப் பகுதியிலோ தோள் நரம்புப் பின்னலிலோ இருக்கும். முழங்கை வலிப்பதாக வருவோருக்குச் சில வேளைகளில் கழுத்தைச் சோதிப்பது இதனால்தான்.

உணர்வை அடுத்து வலிமை குறைகிறது. விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும் அல்னார் நரம்பால் இயங்கும் சிறு தசைகளின் வேலை. சட்டைப் பொத்தான் போடுவது, சாவியைத் திருப்புவது, பூத் தொடுப்பது ஆகியவை மெல்லக் கடினமாகின்றன. முற்றிய நிலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புறங்கைச் சதை குழிவிழுந்து, கடைசி இரு விரல்களும் கொக்கிபோல் வளையும்.

உடனிருப்போர் வீட்டிலேயே செய்யத்தக்க ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளி ஒரு தாளை இரு கைகளிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் தாளை மெல்ல இழுங்கள். நலமான கையில் கட்டைவிரல் நேராக நின்று தாளைப் பிடிக்கும். தசை வலுவிழந்த கையில் கட்டைவிரலின் நுனிக்கணு மடங்கிவிடும். அல்னார் தசை செய்ய இயலாத வேலையை வேறு நரம்பின் தசை ஏற்றுக்கொள்வதே அந்த மடங்கல். இதனை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் ஃப்ரோமென்ட் குறி என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் வட்டாரத்து நோயாளிகள் பலரின் நிலையைச் சேர்த்து, ஒருவரின் கதையாகக் கூறுகிறேன். பொதட்டூர்பேட்டைப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி, வயது 48. ஐந்து மாதங்களாக வலக்கைச் சுண்டுவிரல் மரப்பு. முதலில் இரவில் மட்டும் இருந்தது. பிறகு பகலிலும் நீடித்தது. கடந்த இரண்டு மாதங்களாக அறுந்த இழையை முடிச்சிடும்போது நூல் விரலிலிருந்து நழுவுகிறது. தறி ஓடும்போது முழங்கையைச் சட்டத்தில் ஊன்றி நிற்பது அவரது வழக்கம். சர்க்கரை நோய் இல்லை.

சோதித்தபோது புறங்கையின் சுண்டுவிரல் பக்கமும் மரத்திருந்தது. முன்கையில் உணர்வு இயல்பாக இருந்தது. முழங்கைப் பள்ளத்தின்மேல் விரலால் தட்டியதும் சுண்டுவிரலில் மின்னதிர்வு ஏற்பட்டது. முழங்கையை முழுதும் மடக்கி வைத்திருந்தபோது ஒரு நிமிடத்திற்குள் மரப்பு கூடியது. தாள் சோதனையில் கட்டைவிரல் மடங்கியது. கட்டைவிரலை ஒட்டிய சதையில் லேசான குழி தெரிந்தது.

நரம்புக் கடத்தல் பரிசோதனை சொல்வது என்ன?

இப்பரிசோதனையில் நரம்பின் ஓரிடத்தில் சிறு மின்தூண்டல் கொடுத்து, அது சுண்டுவிரல் தசையை எத்தனை மில்லி வினாடியில் அடைகிறது என அளக்கிறோம். மணிக்கட்டு, முழங்கைக்குச் சற்றுக் கீழே, முழங்கைக்குச் சற்று மேலே என மூன்று இடங்களில் தூண்டுகிறோம். முழங்கை மடங்கிய நிலையில் இருக்கவேண்டும்; நீட்டிய நிலையில் நரம்பு தளர்ந்து கிடப்பதால் தோலின்மேல் அளக்கும் தூரம் குறைந்து, வேகம் தவறாகக் குறைவாகத் தெரியும். கை குளிர்ந்திருந்தாலும் வேகம் குறையும். எனவே சோதனைக்கு முன் கையை வெதுவெதுப்பாக்குவதைத் தேவையற்ற தாமதம் என எண்ண வேண்டாம்.

நம் நெசவாளரின் அறிக்கையைப் பார்ப்போம். முன்கையில் 22 செ.மீ. தூரத்தைத் தூண்டல் 4 மில்லி வினாடியில் கடந்தது. வேகம் நொடிக்கு 55 மீட்டர், இயல்பானது. முழங்கையைச் சுற்றிய 10 செ.மீ. தூரத்தைக் கடக்கவோ 3 மில்லி வினாடி ஆயிற்று. வேகம் நொடிக்கு 33 மீட்டர்தான். முழங்கைப் பகுதியில் வேகம் 50 மீட்டருக்குக் கீழ் இருப்பதும், முன்கை வேகத்தைவிட 10 மீட்டருக்குமேல் குறைவதும் அழுத்தம் அங்கேதான் என்பதற்குச் சான்றுகள். கூடவே, தசையிலிருந்து பதிவான அலையின் உயரம் முழங்கைக்குக் கீழே தூண்டியபோது 6.8 மில்லிவோல்ட், மேலே தூண்டியபோது 4.9. இடையில் கால் பங்குக்கு மேற்பட்ட இழைகளின் செய்தி தடைபட்டு நிற்கிறது.

பின்னர் மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி ஈ.எம்.ஜி. எடுத்தோம். ஓய்வாக இருக்கும் நலமான தசை மின் அமைதியுடன் இருக்கும். இவருடைய கைத்தசையில் தானாகத் துடிக்கும் நுண்ணலைகள் தெரிந்தன. நரம்பிழைகள் சில அறுந்து, அவற்றுக்குரிய தசைநார்கள் ஆளற்றுப்போயின என்பது அதன் பொருள். வேகம் மட்டும் குறைந்திருந்தால் நரம்பின் மேலுறை நைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அது மாதங்களில் சீராகக்கூடியது. இழையே சிதைவது வேறு நிலை.

இப்பரிசோதனைக்கு எல்லையும் உண்டு. தொடக்க நிலையில் முடிவு முற்றிலும் இயல்பாக வரக்கூடும்; அதனால் நோய் இல்லை என்று ஆகாது. நீண்டகாலச் சர்க்கரை நோயில் எல்லா நரம்புகளும் மெதுவாகும். அப்போது முழங்கை எண்ணை மட்டும் தனியே படிக்காமல் முன்கையோடும் பிற நரம்புகளோடும் ஒப்பிட வேண்டும்.

ஏன் காத்திருக்கக் கூடாது?

சிதைந்த நரம்பிழை மீண்டும் வளரும். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். முழங்கையிலிருந்து கைத்தசை வரை 28 செ.மீ. எனக் கொண்டால், சென்று சேர ஒன்பது மாதங்களுக்கு மேலாகும். நரம்புத் தொடர்பற்ற தசையோ ஒன்று, ஒன்றரை ஆண்டில் மீள முடியாதபடி சுருங்கிவிடும். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் காலம். மரப்பு வந்து வந்து போகும் நிலையில் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம். சதை குழிவிழத் தொடங்கியபின் பொறுக்கலாகாது.

மருத்துவ வழிகள்

வலுக்குறைவு இல்லாத லேசான நிலையில் அறுவை தேவையில்லை. முழங்கையை ஊன்றுவதைத் தவிர்த்து, இரவில் முழங்கை முழுதும் மடங்காதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். சற்றே, ஏறத்தாழ 45 பாகை மடங்கிய நிலையில் நரம்புக்கு அழுத்தம் மிகக் குறைவு. கையை விறைப்பாக நீட்டிக் கட்ட வேண்டியதில்லை. இதை மூன்று மாதம் வரை தொடர்ந்தால் பலருக்குக் குறை நீங்குகிறது.

நெசவாளருக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. அவருக்குச் செய்தது எளிய விடுவிப்பு அறுவை: உட்புற எலும்புப் புடைப்புக்குப் பின்னால் சிறு கீறல் இட்டு, கூரைப் பட்டையையும், கீழே முன்கைத் தசையின் மேலுள்ள இறுகிய உறையையும் பிளந்துவிடுதல். நரம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாளில் முழங்கையை அசைக்கத் தொடங்கலாம்.

மற்றொரு முறை, நரம்பைப் பள்ளத்திலிருந்து எடுத்து முழங்கையின் முன்பக்கத்திற்கு இடம் மாற்றுதல். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இடமாற்றத்தில் காயத் தொற்று சற்று அதிகம். ஆகவே பெரிய அறுவையே சிறந்தது என்று கருத வேண்டியதில்லை. மடக்கும்போதெல்லாம் நரம்பு எலும்பின்மேல் தாவி விழுந்தாலோ, முதல் அறுவை பலனளிக்காவிட்டாலோ இடமாற்றம் பொருத்தம். சிறுவயதில் முழங்கை எலும்பு முறிந்து சரியாகக் கூடாமல், கை வெளிப்புறமாக வளைந்து வளர்ந்தவர்களுக்கும் இதுவே பெரும்பாலும் ஏற்றது. அத்தகையோருக்கு நரம்பு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, முறிவை மறந்துபோன நடுவயதில் மரப்பு தொடங்கும்.

இரு முறைகளிலும் கீறலுக்கு அருகே செல்லும் சிறு தோல் நரம்பு பாதிக்கப்பட்டால் தழும்பைச் சுற்றி மரப்போ கூச்சமோ நிற்கக்கூடும்.

நெசவாளருக்கு இரவு மரப்பு இரண்டு வாரத்தில் நின்றது. முடிச்சிடும் வலிமை பத்தாம் மாதத்தில்தான் திரும்பியது. சுண்டுவிரல் நுனியில் சிறிது மந்தம் இன்னும் உள்ளது.

தொழுநோயையும் நினைவில் கொள்வோம்

நம் நாட்டில் இந்நரம்பைத் தாக்கும் மற்றொரு முக்கியக் காரணம் தொழுநோய். அதில் நரம்பு முழங்கைக்குச் சற்று மேலே கயிறுபோல் தடித்திருக்கும். உடலில் எங்கேனும் உணர்வற்ற வெளிறிய தேமல் இருக்கலாம். அதற்கு முதல் மருந்து மாத்திரைகளே, கத்தியன்று. தொழுநோயால் கைத்தசைகளை இழந்தவர்களுக்கு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து, நலமாக உள்ள வேறு தசையின் நாணை விரல்களுக்கு மாற்றித் தைத்து வளைந்த கையை மீட்டார். நரம்பை விடுவித்துப் பயனில்லாதபடி தசை அழிந்துவிட்ட எந்த நோயாளிக்கும் இன்றும் அத்தகைய வழிதான் எஞ்சியுள்ளது.

எப்போது வர வேண்டும்?

- சுண்டுவிரல் மரப்பு பகலிலும் விடாமல் இருந்தால்
- தாள் சோதனையில் கட்டைவிரல் நுனி மடங்கினால்
- கட்டைவிரலை ஒட்டிய புறங்கைச் சதை மறுகையைவிடக் குழிந்திருந்தால்
- மரப்புடன் உணர்வற்ற தேமல் இருந்தால்

முதல் அறிகுறிக்கு இரண்டு வாரத்திற்குள் வாருங்கள். மற்ற மூன்றுக்கும் அந்த வாரமே வாருங்கள். வரும்போது பழைய எலும்பு முறிவு பற்றிய விவரத்தையும், சர்க்கரை நோய் இருப்பின் அதன் சீட்டுகளையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.